முணுமுணுப்பு எந்த நேரத்தில் கேட்கிறது?

சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. தாமானில் உள்ள கிளினிக்கில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கிறார். இடம் மாற்றி மறுபடியும் வைக்கிறார். “ஹார்ட்ல லேசா ஒரு சத்தம் கேட்குது, ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்” என்று சொல்லி, சுல்தானா அமினா மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருகிறார். ஜொகூர் பாருவில் இப்படி ஒரு கடிதத்தோடு வீடு திரும்புகிறவர்கள் பலர். சில வீடுகளில் அன்று இரவுக்குள் ‘இதயத்தில் ஓட்டை’ என்று முடிவு கட்டி அழத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் ‘லேசான சத்தம்தானே’ என்று கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. சில வருடங்கள் கழித்து மூச்சு வாங்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

அழுகிறவர்களும் அலட்சியப்படுத்துகிறவர்களும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்: சத்தம் பெரியதா, சிறியதா? இதயத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் அடிக்கடி ஏமாற்றும். உயிருக்கு ஆபத்தான சில முணுமுணுப்புகள் காதில் விழுவதே கடினம். நெஞ்சில் கை வைத்தாலே அதிர்கிற சில முணுமுணுப்புகளோடு நூறு வருடம் வாழலாம். இது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இதயத்தின் ஒரு துடிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதயத்தின் ‘லப்–டப்’ ஓசை வால்வுகள் மூடும்போது எழுவது. கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடுகின்றன, அது ‘லப்’. சுருங்கி முடிந்ததும், வெளியே போகும் பெருங்குழாய்களின் வாசலில் உள்ள வால்வுகள் மூடுகின்றன, அது ‘டப்’. நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இதயத்தில் லப்புக்கும் டப்புக்கும் இடையே ஏறக்குறைய 0.3 நொடி இருக்கும். அதுதான் இரத்தம் வெளியே தள்ளப்படும் நேரம். டப்பிலிருந்து அடுத்த லப் வரை அரை நொடிக்குச் சற்று அதிகம். கீழறைகள் இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரம் அது. இந்த இரண்டு இடைவெளிகளும் அமைதியாகவே இருக்க வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்றில் ‘உஷ்’ என்றோ ‘உர்ர்’ என்றோ ஒலி கேட்டால் அதற்குத்தான் முணுமுணுப்பு என்று பெயர். டாக்டர் ஒரு கையால் கழுத்து நாடியைத் தொட்டபடியே நெஞ்சைக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நாடி எழும்பும்போது சத்தம் வருகிறதா, நாடி அடங்கிய பிறகு வருகிறதா என்று அவர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமைதியாக ஓட வேண்டிய இரத்தம் ஏன் சத்தம் போடுகிறது? நீர்க்குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் நீர் சீறுவதைப் போலத்தான். இடுக்கு வழியாக வேகமாகப் பாயும் இரத்தம், தாண்டியதும் சுழித்துக் கலங்குகிறது. அந்தச் சுழிப்பு சுவர்களை அதிர வைக்கிறது, அதிர்வு நெஞ்சுக்கு வெளியே கேட்கிறது. எவ்வளவு வேகம் என்பதை அந்த இடத்தின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. எக்கோ கருவி இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. இரத்தத்தின் வேகத்தை அளந்து, அழுத்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது:

ΔP = 4v²

வேகம் நொடிக்கு எத்தனை மீட்டரோ அதை அதனாலேயே பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கினால், வித்தியாசம் பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால் வால்வுகளின் சத்தங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பது விளங்கிவிடும்.

முதலில் பெருந்தமனி வால்வு சுருங்கிப்போவதை எடுத்துக்கொள்வோம். வயதானவர்களில் வால்வின் இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப்போவதால் இது வருகிறது. நல்ல வால்வு மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குத் திறக்கும். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்கிறோம். வேகம் நான்கு மீட்டரைத் தொடும். மேற்சொன்ன கணக்கில் 64 மில்லிமீட்டர் வித்தியாசம். கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் சாதாரணமாக இருக்கும்போதே, உள்ளே இடது கீழறை அதைவிட மிக அதிகமான அழுத்தத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறது. கீழறை சுருங்கத் தொடங்கும்போது பாய்ச்சல் மெதுவாகத் தொடங்கி, நடுவில் உச்சத்துக்குப் போய், முடியும்போது தணிகிறது. சத்தமும் அப்படியே ஏறி இறங்கும். நெஞ்செலும்பின் வலது மேல் பக்கத்தில் கரகரப்பாகக் கேட்கும். இரத்தம் போகும் திசையிலேயே கழுத்துவரை ஏறும்.

இங்கேதான் காது ஏமாறும் முதல் இடம். வால்வு இன்னும் சுருங்கச் சுருங்க இதயத் தசை களைத்துப்போகிறது. தள்ளும் இரத்தம் குறைகிறது; இரத்தம் குறைந்தால் சத்தமும் குறைகிறது. போன வருடம் நன்றாகக் கேட்ட முணுமுணுப்பு இந்த வருடம் தணிந்திருந்தால், அது குணமானதற்கு அடையாளமாக இல்லாமல் போகலாம். அனுபவமுள்ள டாக்டர் அதனால் வேறு விஷயங்களைக் கவனிப்பார். சத்தத்தின் உச்சம் நடுவிலிருந்து ‘டப்’பை நோக்கித் தள்ளிப்போயிருக்கிறதா? ‘டப்’ ஒலியே மங்கிவிட்டதா? கழுத்து நாடி சட்டென்று எழாமல் சிறியதாக, சோம்பலாக எழுகிறதா? இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், சத்தம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கவலைப்பட வேண்டும்.

நோயாளியும் ஒன்றைக் கவனிக்கலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் பேருந்திலிருந்து இறங்கி, மேல்மாடிக் குடிநுழைவு மண்டபத்துக்கு ஏறி, மறுபடி இறங்கி ஓட வேண்டியிருக்கிறது. முன்பு விறுவிறுவென்று போன அப்பா இப்போது நடுவழியில் போன் பார்ப்பது போல நின்றுவிட்டுப் போகிறார் என்றால், அது வயது என்று விட்டுவிடக் கூடாது. உழைக்கும்போது மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், மயக்கம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் இந்த நோயின் போக்கு மாறிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் பெரும்பாலோர் சில ஆண்டுகளே தாங்குகிறார்கள் என்பதை 1968-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் ராஸும் பிரான்வால்டும் காட்டிவிட்டார்கள். அறிகுறி வரும்வரை அந்த மனிதர் நன்றாக இருப்பதுதான் இதன் கொடுமை.

அடுத்தது ஒழுகும் வால்வு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வு சரியாக மூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கீழறை சுருங்கும்போது உள்ளே 120 மில்லிமீட்டர் அழுத்தம், மேலறையில் 10 மட்டும். வித்தியாசம் 110. கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒழுகும் இரத்தத்தின் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல். ஓட்டை ஊசி நுழையும் அளவா, விரல் நுழையும் அளவா என்று இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சின்ன ஒழுக்கும் ஐந்து மீட்டர் வேகத்தில்தான் பீய்ச்சுகிறது. அதனால்தான் மைட்ரல் ஒழுக்கின் சத்தம் உயர்ந்த சுருதியில், ஊதுவது போல இருக்கிறது. அழுத்த வித்தியாசம் லப்பிலிருந்து டப் வரை பெரிதாகவே இருப்பதால், சத்தமும் ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக நீடித்து, இடது அக்குள் பக்கம் பரவுகிறது.

கீழறைகளின் நடுச்சுவரில் பிறவியிலேயே சிறு துவாரம் உள்ள குழந்தைகளுக்கும் இதே நியாயம்தான். பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி ரோஜர் 1879-இல் விவரித்த கோளாறு இது: துவாரம் சிறியதாக இருந்தால் இரு அறைகளின் அழுத்த வித்தியாசம் அப்படியே நிற்கும், சத்தம் பலமாகக் கேட்கும், குழந்தையோ ஓடியாடி விளையாடும். துவாரம் பெரியதாக இருந்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகி, சத்தம் குறைந்து, குழந்தை பால் குடிக்கவே திணறும். பலமான சத்தத்தைக் கேட்டுப் பதறும் பெற்றோருக்கு இதைச் சொல்லித் தர டாக்டர்கள் இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

இப்போது எதிர்ப்பக்கம். மைட்ரல் வால்வே சுருங்கிப்போனால்? அது இதயம் நிரம்பும் நேரத்தில், டப்புக்குப் பிறகு நடப்பது. மேலறை ஒரு மெல்லிய பை. அதனால் பெரிய அழுத்தம் கொடுக்க முடியாது. வேகம் இரண்டு மீட்டர் என்றால் வித்தியாசம் 16 மில்லிமீட்டர் மட்டுமே. அதனால் சத்தம் மிகத் தாழ்ந்த சுருதியில், தூரத்து இடி உருள்வது போல ஒலிக்கும். மனிதக் காதுக்கு இது கடினமான ஒலி. நோயாளியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற பக்கத்தை இதய நுனியில் அழுத்தாமல் மெதுவாக வைத்துக் கேட்டால்தான் பிடிபடும். மல்லாந்து படுக்க வைத்து, வெளியே பேச்சுச் சத்தம் கேட்கும் கிளினிக்கில் அரை நிமிடம் கேட்டால் தப்பிவிடும். நம்மவர்களின் இதயத்தை அதிகம் கெடுத்த முணுமுணுப்பு இதுவே என்று நினைக்கிறேன்.

காரணம் தொண்டைப் புண். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்கு எதிராக உடல் எழுப்பும் தற்காப்பு, சிலருக்கு மூட்டுகளையும் இதய வால்வுகளையும் சேர்த்துத் தாக்குகிறது. அதுதான் வாதக் காய்ச்சல். காய்ச்சல் போய்விடும். வால்வின் இதழ்கள் மட்டும் வருடக்கணக்கில் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெருக்கமான வீடுகளும், தொண்டைப் புண்ணுக்கு உடனே மருந்து கிடைக்காத நிலையும் இருந்த இடங்களிலெல்லாம் இது பரவலாக இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியோரும் 1983-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையில், தங்கள் மருத்துவமனையில் மட்டும் 3,724 பேருக்கு ஒட்டிப்போன மைட்ரல் வால்வைத் திறந்துவிட்ட கணக்கைத் தந்தார்கள். இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலறை வழியாக விரலை விட்டு வால்வைத் தடவி அறிந்து, கீழறை வழியாக ஒரு விரிப்பானைச் செலுத்திப் பிரித்துவிடும் அறுவை அது. இன்று அந்த வேலையைத் தொடை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் பலூன் செய்கிறது. ஜப்பானின் கஞ்சி இனோவே 1984-இல் வெளியிட்ட முறை அது.

இந்தச் சுருக்கம் ஏன் ஏமாற்றுக்காரன் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். மாசாயில் வசிக்கும் 26 வயதுப் பெண் ஒருத்தி. மைட்ரல் வால்வு 1.2 சதுர சென்டிமீட்டர்தான் திறக்கிறது; நல்ல வால்வு நான்குக்கு மேல் திறக்கும். அவளுடைய இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இரத்தம் அனுப்புகிறது. நிரம்புவதற்கு ஒரு நிமிடத்தில் மொத்தம் 38 நொடி போலக் கிடைக்கிறது. இந்த நிலையில் வால்வின் இரு பக்க வித்தியாசம் சராசரி எட்டு மில்லிமீட்டர். கீழறையின் ஓய்வு அழுத்தம் ஆறு என்றால் மேலறையில் பதினான்கு. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு வேலை, கடை வேலை எல்லாம் செய்கிறாள்.

கர்ப்பம் தரிக்கிறாள். ஏழாம் மாதத்துக்குள் இதயம் அனுப்ப வேண்டிய இரத்தம் நாற்பது சதவீதம் கூடுகிறது, துடிப்பு நூறாகிறது. துடிப்பு கூடினால் வெட்டுப்படுவது நிரம்பும் நேரமே. 38 நொடி இப்போது 32 ஆகச் சுருங்குகிறது. அதிக இரத்தம், குறைந்த நேரம், அதே வால்வு. பாய்வின் வேகம் ஏறக்குறைய 1.65 மடங்காகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், எட்டாக இருந்த வித்தியாசம் இருபத்திரண்டுக்கு அருகில் போகிறது. மேலறையில் 28. நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் 25-ஐத் தாண்டினால் நீர் மூச்சுப் பைகளுக்குள் கசியத் தொடங்கும். நள்ளிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். அவளுக்கு ஆஸ்துமா என்று பேர் வைத்து, புகை மருந்து கொடுத்து அனுப்பும் வாய்ப்பு உண்டு. சில புகை மருந்துகள் துடிப்பை இன்னும் கூட்டும்.

அதே பெண்ணுக்கு, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையால் எழுபதுக்குக் கொண்டுவந்தால் நிரம்பும் நேரம் மறுபடி 38 நொடி. வித்தியாசம் பதினாறுக்கு இறங்கும், மேலறையில் 22. வால்வு ஒரு மில்லிமீட்டர்கூட அகலமாகவில்லை, ஆனாலும் நுரையீரல் காய்ந்துவிடுகிறது. மாத்திரையால் முடியாதவர்களுக்குக் கர்ப்பக் காலத்திலேயே, வயிற்றில் எக்ஸ்ரே கதிர் படாமல் மறைத்து, பலூன் செலுத்துகிறார்கள். அரசு கிளினிக்கில் கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தைத் திறக்கும் முதல் நாளிலேயே இதயத்தைக் கேட்பது இதற்காகத்தான். அன்றைக்கு, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது, மாதாமாதம் ஊசி போட்டார்கள் என்பது போல ஏதாவது நினைவிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஸ்டெதஸ்கோப்பைவிடக் கூர்மையானது.

பெருந்தமனி வால்வின் ஒழுக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டப்புக்குப் பின் தொடங்கி, பெருமூச்சு போல மெலிந்து மறையும் ஒலி. முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிறுத்தினால்தான் கேட்கும். நீண்ட நாள் ஒழுக்கு என்றால் பிரஷரில் மேல் எண் உயர்ந்து கீழ் எண் தாழ்ந்து, 160/50 போல இடைவெளி விரியும். திடீரென்று வால்வு கிழிந்து பெரிதாக ஒழுகினாலோ, அழுத்தங்கள் சட்டென்று சமமாகி, முணுமுணுப்பு மிகக் குறுகியதாகிவிடும். நோயாளி அப்போது உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டாம்? லப்புக்கும் டப்புக்கும் இடையே மட்டும் வரும், குறுகிய, மென்மையான முணுமுணுப்பு, வேறு அறிகுறி எதுவும் இல்லாதபோது பெரும்பாலும் தீங்கற்றது. பள்ளி வயதில் இது மிகச் சாதாரணம். இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1909-இல் விவரித்த, தந்தி மீட்டுவது போன்ற இனிய ஒலி இந்த வகை. குழந்தை படுத்திருக்கும்போது கேட்கும். எழுந்து நின்றால் தணிந்துவிடும். காய்ச்சல், தைராய்டு கோளாறு, கர்ப்பம், இரத்தச் சோகை ஆகியவற்றில் வால்வு நன்றாக இருந்தும் இரத்தம் வேகமாக ஓடுவதால் சத்தம் வரும். சோகையைச் சரிசெய்தால் அது போய்விடும். மலேசியாவில் தலசீமியா உள்ளவர்களும் இருப்பதால், முணுமுணுப்போடு வெளிறிய முகம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

டப்புக்குப் பின் வரும் எந்த முணுமுணுப்பும் எக்கோ இல்லாமல் விடக்கூடாதது. லப்பிலிருந்து டப் வரை இடைவிடாமல் நீள்வதும், கை வைத்தால் அதிர்வு தெரிவதும், மூச்சிரைப்போ மயக்கமோ சேர்ந்து வருவதும் அப்படியே. சத்தத்துக்கு ஆறு படிகள் கொண்ட அளவை அமெரிக்கரான சாமுவேல் லெவின் 1933-இல் கொண்டுவந்தார். அதிர்வு தெரிவது நான்காம் படியிலிருந்து. அந்த அளவையின் மேல்பாதி நோயைச் சொல்வதில் நம்பகமானது. கீழ்ப்பாதி நோயில்லை என்று சொல்வதில் அவ்வளவு நம்பகமானதல்ல. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளை முதலில் காதாலும் பிறகு எக்கோவாலும் பரிசோதித்து 2007-இல் வெளியான ஆய்வில், எக்கோ கண்டுபிடித்த வாதக் காய்ச்சல் வால்வு நோய், காது கண்டுபிடித்ததைவிட ஏறக்குறைய பத்து மடங்கு.

எக்கோவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. நல்ல இதயத்திலும் வால்வு ஓரத்தில் துளி இரத்தம் பின்னால் போவது திரையில் தெரியும். அறிக்கையில் ‘மிகச் சிறிய ஒழுக்கு’ என்று வரும். வால்வின் இதழ்கள் மெல்லியதாக, அறைகள் இயல்பான அளவில் இருந்தால் அதற்கு மாத்திரையும் வேண்டாம், அடிக்கடி எக்கோவும் வேண்டாம். பல் பிடுங்கும்முன் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்பு வால்வில் கிருமித்தொற்று வந்தவர்களுக்கும், சில பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது தேவை. சாதாரண முணுமுணுப்புக்கு வேண்டாம். ஆனால் வால்வு நோய் இருப்பது தெரிந்தவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்கும்முன் இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கச் சொல்ல வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால், வால்வில் ஒட்டியிருக்கும் கிருமி எது என்பது சோதனைக் குழாயில் தெரியாமலே போய்விடும்.